நூறு ரூபாயில் எதற்கு எவ்வளவு? இளைஞர் மன்றப் பொருளாளரின் ஆண்டுக் கணக்கு உரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ப்புற இளைஞர் நற்பணி மன்றங்களில் புதிதாகப் பொருளாளர் ஆகிறவர்கள், ஆண்டுப் பொதுக்குழு நெருங்கும்போது கேட்கும் கேள்விகள் இவை. எல்லாப் பதில்களும் ஒரே கணக்கைச் சுற்றியே வருகின்றன. அந்தக் கணக்கு விளக்கத்துக்காக அமைத்துக்கொண்டது. எந்த மன்றத்துடையதும் அல்ல. தொகைகள் சிறியவை. ஆனால் பொதுக்குழுவில் எழும் சச்சரவுகள் பெரும்பாலும் இந்த அளவுத் தொகைகளில்தான் தொடங்குகின்றன.

எந்தத் தொகையை நூறு என்று வைத்துக்கொண்டு சதவீதம் போடுவது? வரவையா, செலவையா?

செலவின் மொத்தத்தை. உறுப்பினர் அறிய விரும்புவது, போன பணம் எங்கே போனது என்பதைத்தான். நம் எடுத்துக்காட்டு மன்றத்தில் ஏப்ரல் 1 அன்று கையிருப்பு 18,000 ரூபாய். ஆண்டு வரவு 1,64,000. செலவு 1,60,000. மார்ச் 31 அன்று மீதி 22,000. செலவு இப்படிப் பிரிகிறது:

| இனம் | ரூபாய் | சதவீதம் |
|---|---|---|
| பொங்கல் விழா | 58,000 | 36.25 |
| கபடிப் போட்டி | 36,000 | 22.50 |
| மாலைப் படிப்பகம் | 24,000 | 15.00 |
| நிர்வாகம் | 22,000 | 13.75 |
| விளையாட்டுப் பொருட்கள் | 14,000 | 8.75 |
| ரத்ததான முகாம் | 6,000 | 3.75 |
| மொத்தம் | 1,60,000 | 100.00 |

வரவை நூறாக வைத்தால் இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது, தொடக்க இருப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு விவாதம் கிளம்பும். சேர்த்தால் படிப்பகத்தின் பங்கு 13.2 சதவீதம், சேர்க்காவிட்டால் 14.6. ஒரே செலவுக்கு இரண்டு சதவீதங்கள் மண்டபத்தில் சுற்றத் தொடங்கினால், இரண்டும் சரி என்று விளக்கியே நேரம் போய்விடும். இரண்டாவது, மீதித் தொகையும் ஓர் இனம்போல அட்டவணையில் வந்து உட்காரும். மீதி என்பது இன்னும் எங்கும் போகாத பணம். அதை அட்டவணைக்கு வெளியே தனி வரியில் சொன்னால் போதும்.

எதை நூறாக வைத்திருக்கிறீர்கள் என்பதை உரையின் முதல் மூன்று வாக்கியங்களுக்குள் சொல்லிவிடுங்கள்.

எத்தனை இனங்களாகப் பிரிப்பது? பந்து, வலை, கோப்பை, டீ செலவு என்று எழுதினால் முப்பது வரி வருகிறது.

ஐந்திலிருந்து ஏழு வரை. காது வழியாகக் கேட்டு மனத்தில் நிறுத்தக்கூடிய அளவு அதுதான். பொருளின் பெயரால் பிரிக்காமல் செயல்பாட்டின் பெயரால் பிரியுங்கள். கபடிப் போட்டி நாளன்று நடுவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீயும் கபடிச் செலவே. அதை ‘உணவு, சிற்றுண்டி’ என்ற தலைப்பில் பொங்கல் டீயோடு சேர்த்தால், கபடிக்கு உண்மையில் எவ்வளவு ஆனது என்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

‘இதர செலவுகள்’ என்ற வரியை மட்டும் வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டும் என்றால் இரண்டு சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால், பின்வரிசையிலிருந்து வரும் முதல் கேள்வி அதைப் பற்றியதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி நியாயமானதும்கூட.

பந்தலும் மைக் செட்டும் ஒரே பில். பொங்கலுக்கும் கபடிக்கும் சேர்த்துப் போட்டது. எதில் எழுதுவது?

பிரித்துத்தான் எழுத வேண்டும். எந்த அளவுகோலில் பிரித்தீர்கள் என்பதை வவுச்சரின் பின்புறத்தில் குறித்துவைக்க வேண்டும். நம் கணக்கில் மூன்று நாள் வாடகை 15,000 ரூபாய். இரண்டு நாள் பொங்கல் விளையாட்டுகள், ஒரு நாள் கபடி. எனவே 10,000 பொங்கலுக்கும் 5,000 கபடிக்கும் போயிருக்கிறது. அட்டவணையில் உள்ள 58,000, 36,000 என்ற தொகைகள் இப்படிப் பிரித்த பிறகு கிடைத்தவை.

பில் முழுவதையும் பொங்கலில் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொங்கல் 39.4 சதவீதமாக ஏறியிருக்கும், கபடி 19.4 ஆக இறங்கியிருக்கும். மொத்தம் ஒரு ரூபாய்கூட மாறாது. ஆனால் கபடிக் குழுவினர், ‘எங்களுக்கு ஐந்தில் ஒரு பங்குகூடத் தரவில்லை’ என்று அடுத்த ஆண்டுக்குக் கூடுதல் நிதி கேட்பார்கள். மொத்தம் சரியாக இருப்பதால் தணிக்கையிலும் இது எளிதில் தட்டுப்படாது. சதவீதக் கணக்கில் பிழை ஒளிந்துகொள்ளும் இடமே இதுதான். நாள் கணக்கில் பிரிப்பது ஒரு முறை, இடப்பரப்பில் பிரிப்பது இன்னொரு முறை. எது வேண்டுமானாலும் இருக்கட்டும். போன ஆண்டு எந்த முறையோ இந்த ஆண்டும் அதே முறை.

“நாங்கள் மாதாமாதம் கட்டும் சந்தாவில் கால்வாசியைக் கபடிக்கே கொட்டிவிட்டீர்களே” என்று கேட்கிறார்கள். 22.5 சதவீதம் என்று நானே சொல்லிவிட்டு இப்போது எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டியதில்லை. இரண்டாவது அட்டவணை ஒன்றைக் காட்டாமல் விட்டதால் வந்த கேள்வி இது. என் கணிப்பில், பொருளாளர்கள் மிக அதிகமாகத் தவறவிடுவது இதைத்தான்.

மன்றத்துக்கு வரும் பணம் இரண்டு வகை. ஒன்று, இன்ன காரியத்துக்கென்றே வந்த பணம். மற்றொன்று, எதற்கு வேண்டுமானாலும் செயற்குழு முடிவெடுத்துச் செலவழிக்கக்கூடிய பொதுப் பணம். நம் மன்றத்தின் 1,64,000 ரூபாய் வரவைப் பிரித்துப் பாருங்கள். பொங்கல் விழாவுக்கென்று வீடு வீடாக ரசீது போட்டு வசூலித்தது 66,000. கபடிக்கு 40 அணிகள் தலா 500 ரூபாய் கட்டிய நுழைவுக் கட்டணம் 20,000. பரிசுத் தொகைக்கென்று ஒருவர் தந்தது 10,000. படிப்பகத்துக்கென்று வெளியூரில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் அனுப்பியது 20,000. இவை எல்லாம் முதல் வகை. சந்தா 32,000, பொது நன்கொடை 15,000, வங்கி வட்டி 1,000 ஆகியவை இரண்டாம் வகை. தொடக்க இருப்பான 18,000 ரூபாயும் பொதுப் பணமே.

இப்போது கபடியைப் பாருங்கள். செலவு 36,000. அதற்கென்றே வந்தது 30,000. பொதுப் பணத்திலிருந்து எடுத்தது வெறும் 6,000. படிப்பகத்துக்கு 24,000 ஆனதில் 20,000 அதற்கென்றே வந்தது. பொதுப் பணத்தில் எடுத்தது 4,000. பொங்கலுக்குப் பொதுப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தொடவில்லை. வசூலில் 8,000 மிஞ்சியே இருக்கிறது. ரத்ததான முகாம், விளையாட்டுப் பொருட்கள், நிர்வாகம் மூன்றும் முழுக்கப் பொதுப் பணம்.

ஆக, பொதுப் பணத்தில் செலவானது 52,000 ரூபாய். அதை நூறாக வைத்து மறுபடியும் சதவீதம் போடுங்கள்: நிர்வாகம் 42.3, விளையாட்டுப் பொருட்கள் 26.9, கபடி 11.5, ரத்ததான முகாம் 11.5, படிப்பகம் 7.7.

படமே மாறிவிட்டது. முதல் அட்டவணையில் முதலிடத்தில் இருந்த பொங்கல் இதில் இல்லவே இல்லை. நடுவில் ஒதுங்கி நின்ற நிர்வாகம் தலைக்கு வந்துவிட்டது. ‘சந்தாவில் கால்வாசி’ என்று கேட்டவருக்குப் பதில், நூற்றுக்குப் பதினொன்றரை. கபடிச் செலவு குறைவு என்று காட்டுவதற்காக இந்த அட்டவணையை மட்டும் காட்டுவதும் தவறு. மன்றத்தின் பெயரால் கபடிக்கு 36,000 செலவானது உண்மை. இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள்.

நிர்வாகச் செலவு 42 சதவீதம் என்று நானே மேடையில் போய்ச் சொல்ல வேண்டுமா? 13.75 என்பதே உண்மைதானே, அதோடு நிறுத்திக்கொள்ளலாமே?

சொல்லியே ஆக வேண்டும். 13.75 உண்மைதான். ஆனால் சந்தா கட்டுகிறவர் தன் சந்தாவைப் பற்றிக் கேட்கிறார், மொத்தத்தைப் பற்றி அல்ல. பொதுக்குழுவில் கணக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே போதும், வரவுப் பக்கத்தைப் பார்த்துத் தானே கண்டுபிடித்துவிடுவார். அவர் வாயிலிருந்து வந்தால் அது குற்றச்சாட்டு. உங்கள் வாயிலிருந்து வந்தால் தகவல்.

சொல்லும்போது கையோடு பிரித்தும் சொல்லுங்கள். மாதம் 1,000 ரூபாய் வீதம் கட்டட வாடகை 12,000. மின்கட்டணம் 3,600. நாளிதழ், வார இதழ் 3,000. தணிக்கைக்கும் பதிவு அலுவலகத்தில் ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்கும் 2,400. எழுதுபொருள், நகல், வங்கிக் கட்டணம் 1,000. நிர்வாகத்தில் பாதிக்கு மேல் வாடகை என்பது அப்போதுதான் தெரியும். அதன் பிறகு பேச்சு, சும்மா கிடக்கும் சமுதாயக் கூடத்தில் ஓர் அறை கேட்கலாமா என்ற திசைக்குத் திரும்பும். சந்தேகம் செலவழித்தவர் மேல் விழாமல் செலவின் மேல் விழுவது எல்லோருக்கும் நல்லது.

நாளிதழ் நிர்வாகமா படிப்பகமா என்று கேட்டால், இரண்டு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. போன ஆண்டு எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும்.

பொங்கல் வசூலில் மிஞ்சிய 8,000 ரூபாயைப் பொதுக் கணக்கில் சேர்த்துவிடலாமா?

நீங்களாகச் சேர்க்கக் கூடாது. ரசீதில் ‘பொங்கல் விழா நன்கொடை’ என்று அச்சிட்டு வாங்கிய பணம் அது. பொதுக்குழு தீர்மானம் போட்டால் மாற்றலாம். இல்லையென்றால் அடுத்த பொங்கலுக்குத் தொடக்க இருப்பாக நிற்கும். மீதியைச் சொல்லும்போதும் ‘22,000 இருக்கிறது’ என்று மொட்டையாகச் சொல்லாமல், ‘அதில் பொங்கல் நிதி 8,000, பொது நிதி 14,000’ என்று சொல்லுங்கள். பிரிக்காமல் சொன்னால் புதிய திட்டங்கள் எல்லாம் 22,000 ரூபாயை நம்பியே பேசப்படும். ஜனவரி வரும்போது கை கடிக்கும்.

அரசுத் துறையிடமிருந்து மானியம் ஏதேனும் வந்திருந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுக்கமானது. பணத்தைச் சொன்ன காரியத்துக்கே செலவழித்தோம் என்று காட்டும் பயனீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். அந்தப் பணத்தை வேறு இனத்துக்குத் திருப்பப் பொதுக்குழுத் தீர்மானம் மட்டும் போதாது.

தசமம் வேண்டாம் என்று முழு எண்ணாக்கினேன். கூட்டினால் 101 வருகிறது. எங்கே தப்பு?

எங்கும் தப்பு இல்லை. 36.25 என்பது 36 ஆகிறது, 22.5 என்பது 23, 15 அப்படியே, 13.75 என்பது 14, 8.75 என்பது 9, 3.75 என்பது 4. கூட்டினால் 101. நான்கு இனங்கள் மேலே ஏறின, ஒன்றுதான் கீழே இறங்கியது. அந்த ஏற்றம் சேர்ந்து ஒன்றாகிவிட்டது.

இதைச் சரிக்கட்ட ஏதாவது ஓர் இனத்தில் ஒன்றைக் குறைத்து நூறாக்கிவிடுவார்கள். செய்யாதீர்கள். குறைக்கப்பட்ட இனத்துக்காரர் கையில் செல்பேசி இருக்கிறது. அங்கேயே வகுத்துப் பார்ப்பார். தாளில் இரண்டு தசமம் வரை எழுதுங்கள். பேச்சில் ‘ஏறக்குறைய’ சேர்த்து முழு எண்ணாகவோ அரையாகவோ சொல்லுங்கள். தாளின் அடியில் ‘சதவீதங்கள் முழுமையாக்கப்பட்டவை, கூடுதல் சற்று மாறலாம்’ என்று ஒரு வரி போதும்.

படிப்பகத்தின் பங்கு 18 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்துவிட்டது. “பிள்ளைகள் படிப்புக்குக் குறைத்துவிட்டார்கள்” என்று பேச்சு கிளம்புகிறது.

போன ஆண்டு மொத்தச் செலவு 1,20,000 என்றும், அதில் படிப்பகத்துக்கு 21,600 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 18 சதவீதம். இந்த ஆண்டு 24,000, அதாவது 2,400 ரூபாய் அதிகம். ஆனால் கபடிப் போட்டி உட்பட மற்ற இனங்களில் செலவு இன்னும் அதிகமாகக் கூடியதால் மொத்தச் செலவு 1,60,000 ஆகிவிட்டது. பங்கு 15 ஆக இறங்கிவிட்டது. பணம் கூடியிருக்கிறது, பங்கு குறைந்திருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

ஆண்டுகளை ஒப்பிடும்போது ரூபாயை முதலில் சொல்லி, பிறகு சதவீதத்தைச் சொல்லுங்கள். இன்னொன்று: 18 இலிருந்து 15 ஆனதை ‘3 சதவீதம் குறைந்தது’ என்று சொல்லாதீர்கள். பங்கில் குறைந்தது 3 சதவீதப் புள்ளிகள். ‘3 சதவீதம் குறைந்தது’ என்றால், 21,600 ரூபாயில் 648 ரூபாய் குறைந்ததாகக் கேட்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். ‘நூறு ரூபாய்க்கு 18 ரூபாயாக இருந்தது 15 ரூபாயாகிவிட்டது’ என்பது எல்லோருக்கும் புரியும்.

கணக்கு தயார். உரையை எப்படித் தொடங்கி எப்படிக் கொண்டுபோவது?

ஏழெட்டு நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். முதலில் மொத்தம், பிறகு பெரியதிலிருந்து சிறியதாக இனங்கள், அடுத்து பொதுப் பணத்தின் கணக்கு, கடைசியில் மீதி. இந்த அளவில் இருக்கலாம்:

“தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை மன்றம் செலவழித்தது 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அந்தச் செலவை நூறு ரூபாயாகச் சுருக்கிச் சொல்கிறேன். ஏறக்குறைய 36 ரூபாய் பொங்கல் விழாவுக்குப் போயிற்று. இருபத்திரண்டரை ரூபாய் கபடிப் போட்டிக்கு. 15 ரூபாய் மாலைப் படிப்பகத்துக்கு. வாடகை, மின்கட்டணம் முதலான நிர்வாகத்துக்கு 14 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. விளையாட்டுப் பொருட்களுக்கு 9 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ரத்ததான முகாமுக்கு 4 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

“இதில் பெரும்பகுதி அந்தந்தக் காரியத்துக்கென்றே வந்த பணம். உங்கள் சந்தாவும் பொது நன்கொடையும் அடங்கிய பொதுப் பணத்திலிருந்து எடுத்தது 52 ஆயிரம். அதில் நூற்றுக்கு 42 ரூபாய் நிர்வாகத்துக்கே போயிருக்கிறது. இது அதிகம் என்று செயற்குழுவும் கருதுகிறது. பாதிக்கு மேல் வாடகை. 27 ரூபாய் விளையாட்டுப் பொருட்களுக்கு, கபடிக்கும் ரத்ததான முகாமுக்கும் தலா பதினொன்றரை, படிப்பகத்துக்கு 8 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

“மார்ச் 31 அன்று இருப்பு 22 ஆயிரம். வங்கியில் 20,500, கையில் 1,500. இதில் 8 ஆயிரம் பொங்கல் நிதி. ரொக்கப் புத்தகம், பாஸ்புக், வவுச்சர் கோப்பு மூன்றும் இந்த மேசையில் இருக்கின்றன. கேள்விகளைக் கேளுங்கள்.”

ஒவ்வோர் இனத்துக்குப் பிறகும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். நன்றியுரையை இதில் கலக்காதீர்கள். நன்கொடையாளர் பெயர்களுக்கு நடுவே எண்கள் காணாமல் போகும்.

புரொஜெக்டர் இல்லை. வட்டப்படம் வரைந்து ஒட்டலாமா?

சார்ட் தாளில் பட்டை வரைபடம் போதும், வட்டத்தைவிட மேலும்கூட. 13.75, 15 என்று அடுத்தடுத்து இருக்கும் துண்டுகளில் எது பெரிது என்று வட்டத்தில் தூரத்திலிருந்து தெரியாது. ஒரு சதவீதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் பொங்கலின் பட்டை 36 சென்டிமீட்டர் சொச்சம். ஒரு தாளுக்குள் அடங்கும். பட்டையின் நுனியில் ரூபாயையும் எழுதுங்கள்.

எக்செல்லில் போட்டால் முதல் வரி சரியாக வருகிறது, அடுத்த வரியிலிருந்து பிழை காட்டுகிறது.

மொத்தம் இருக்கும் கட்டத்தைப் பூட்டவில்லை. தொகைகள் B2 முதல் B7 வரை, மொத்தம் B8 இல் என்றால், C2 இல் இதை எழுதிக் கீழே இழுங்கள்:

```
=B2/B$8*100
```

`$` இல்லாவிட்டால் அடுத்த வரி B9 ஆல் வகுக்கும். அது காலி என்பதால் `#DIV/0!` வரும்.

அரிசி, பரிசுக் கோப்பை என்று பொருளாகத் தந்தவர்கள் இருக்கிறார்கள். ஊராட்சிக்கு வந்த விளையாட்டு உபகரணங்களையும் நாங்கள்தான் பயன்படுத்துகிறோம். இவற்றுக்கு மதிப்புப் போட்டுச் சேர்ப்பதா?

சதவீத அட்டவணையில் வேண்டாம். ரொக்கப் புத்தகத்தில் வராத எதுவும் அதில் வரக் கூடாது. இரண்டு மூட்டை அரிசிக்கு நீங்கள் போடும் விலை உங்கள் கணிப்பு. தந்தவர் வேறு விலை சொல்வார். யார் எதைத் தந்தார் என்று தனிப் பட்டியல் படியுங்கள். ‘கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் தொகுப்பு’ போன்று அரசிடமிருந்து ஊராட்சிக்கு வந்தவை ஊராட்சியின் சொத்து. மன்றத்தின் கணக்கில் அவற்றுக்கு இடமில்லை.

சிலர் சந்தா பாக்கி வைத்திருக்கிறார்கள். அதையும் சொல்லவா?

தொகையைச் சொல்லுங்கள், பெயர்களைப் படிக்காதீர்கள். 60 பேர், மாதம் 50 ரூபாய் என்றால் வர வேண்டியது 36,000, வந்தது 32,000, பாக்கி 4,000. வராத பணத்தை வரவில் சேர்த்தால் இருப்பு 26,000 என்று ஆகும். பாஸ்புக் வேறு சொல்லும்.

நான் வெறும் உறுப்பினர். பொருளாளர் சொல்லும் சதவீதத்தை உட்கார்ந்த இடத்திலேயே எப்படிச் சரிபார்ப்பது?

மூன்று இடங்களைப் பாருங்கள். தொடக்க இருப்போடு வரவைக் கூட்டிச் செலவைக் கழித்தால் சொல்லப்பட்ட மீதி வர வேண்டும்: 18,000 கூட்டல் 1,64,000 கழித்தல் 1,60,000, சரியாக 22,000. அந்த மீதி, மார்ச் 31 தேதியிட்ட வங்கி இருப்பும் கைரொக்கமும் சேர்ந்த தொகையாக இருக்க வேண்டும். தொடக்க இருப்பு, போன ஆண்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதியுள்ள இறுதி இருப்போடு பொருந்த வேண்டும். மூன்றாவதைப் பலரும் பார்ப்பதில்லை. பணம் காணாமல் போனால் இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே உள்ள அந்த இடுக்கில்தான் போகும்.

பிறகு ஏதாவது ஓர் இனத்தை எடுத்து அதன் வவுச்சர்களைக் கேளுங்கள். ரத்ததான முகாம் போன்ற சின்ன இனமாக இருந்தால் அங்கேயே கூட்டிப் பார்த்துவிடலாம்.

கூட்டம் முடிந்தபின் அந்தத் தாளை என்ன செய்வது?

இரண்டு அட்டவணைகளையும் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டி, தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கையெழுத்திடுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன்படி பதிவான மன்றமாக இருந்தால், பதிவாளருக்குத் தாக்கல் செய்யும் ஆண்டு வரவு செலவு அறிக்கையின் தொகைகளும் இந்தத் தாளின் தொகைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பந்தல் வாடகையை எப்படிப் பிரித்தீர்கள், நாளிதழை எந்த இனத்தில் வைத்தீர்கள் என்பதையும் அடியில் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம்.